எட்டு விளக்கும் எரிகிறது, வேகம் மட்டும் வரவில்லை

ஒரு இரண்டு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே ஹாலில் ஃபைபர் மோடம். மாசம் கட்டுவது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. மாடியில் ஒரு அறையை ஆபீஸ் மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். வைஃபை அங்கே சரியாக எட்டவில்லை என்பதால், சுவருக்குள் போகும் பைப் வழியாகச் சுமார் 30 மீட்டர் கேட் 6 கேபிள் இழுத்தாயிற்று. எலக்ட்ரீஷியன் இரண்டு முனையிலும் பிளக் அடித்தார். கையடக்க டெஸ்டரின் ஒரு பாதியைக் கீழேயும் மறு பாதியை மேலேயும் மாட்டினார். ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசையாக எரிந்தன. வேலை முடிந்தது.

ஆனால் மாடியில் லேப்டாப்பை மாட்டி வேகம் பார்த்தால் 94. கீழே மோடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தால், அதே லேப்டாப்பில் 300. நாளைக்கு நாலு முறை பார்த்தாலும் மாடியில் 94ஐத் தாண்டுவதே இல்லை.

இந்த 94 என்ற எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் மேலும் ஒட்டப்படும் முகவரி விவரங்கள் போக, பயனருக்கு மிஞ்சுவது சுமார் 94. கிகாபிட் இணைப்பாக இருந்தால் இதே கணக்கில் 940 சொச்சம் வரும். ஆகவே வேகம் 94இல் முட்டி நின்றால், இணையம் தருகிற நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு முன்னால் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். இரண்டு கருவிகளும் கிகாபிட்டுக்குத் தகுதியானவையாக இருந்தும், நடுவில் இருக்கும் ஏதோ ஒன்றால் 100க்கு இறங்கிவிட்டன என்பதுதான் அதற்குப் பொருள்.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் எலக்ட்ரீஷியன் போட்ட வரிசை இது: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பச்சை, நீல வெள்ளை, நீலம், பழுப்பு வெள்ளை, பழுப்பு. பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஒவ்வொரு நிறமும் தன் ஜோடியின் பக்கத்திலேயே நிற்கிறது. இரு முனையிலும் வரிசை ஒன்றே. "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டாப் போதும்" என்று தொழிலில் பலரும் சொல்லிக் கேட்கலாம். மின்சாரம் எட்டு கம்பியிலும் முனைக்கு முனை போகிறது என்ற அளவில் அது உண்மை. ஆனால் நெட்வொர்க் கேபிளுக்கு அது போதாது.

கேபிளின் மேலுறையை உரித்தால் எட்டு கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கியிருப்பது தெரியும். கம்பிகளை இப்படி ஜோடியாக முறுக்கும் உத்திக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்றார். தொலைபேசிக் கம்பிகளுக்குள் பக்கத்துக் கம்பிகளின் இரைச்சல் புகுந்ததுதான் அன்றைய தொல்லை. ஒரு சிக்னலை இரண்டு கம்பிகளில் நேரெதிராக அனுப்பி, மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் படிக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் முறுக்கிய இரு கம்பியின் மீதும் ஏறத்தாழ ஒரே அளவில் விழுவதால், வேறுபாடு எடுக்கும்போது அது கழிந்துபோகிறது. முறுக்குதான் கேபிளின் உயிர். கம்பியின் நிறம், எது எதோடு முறுக்கப்பட்டிருக்கிறது என்று காட்டும் அடையாளம் மட்டுமே.

அடுத்த முனையில் இருக்கும் கருவிக்கு நிறம் தெரியாது; பின் எண்தான் தெரியும். 1, 2 ஒரு ஜோடி. 3, 6 ஒரு ஜோடி. 4, 5 ஒரு ஜோடி. 7, 8 ஒரு ஜோடி. மூன்றும் ஆறும் ஏன் பிரிந்து நிற்கின்றன என்பது எல்லோருக்கும் எழும் கேள்வி. அமெரிக்கத் தொலைபேசி வழக்கம் அதற்குக் காரணம். அங்கே பிளக்கின் நட்டநடுவில் முதல் லைனும், அதைச் சுற்றி இரண்டாவது லைனும் வரும். எட்டு பின் ஜாக்கிலும் 4, 5 முதல் லைனுக்கும் 3, 6 இரண்டாவது லைனுக்கும் என்று அது அப்படியே தங்கிவிட்டது. பழைய முறையை வெளிப்பக்கமும் தொடர்ந்திருந்தால் 2உம் 7உம் ஒரு ஜோடி, 1உம் 8உம் ஒரு ஜோடி என்று ஆகியிருக்கும். அவ்வளவு தள்ளி நிற்கும் பின்களுக்காக முறுக்கை அதிகம் பிரிக்க வேண்டியிருக்கும். வேகமான தரவுக்கு அது ஆகாது. அதனால் வெளிப்பக்கத்தில் 1, 2 ஒன்றாகவும் 7, 8 ஒன்றாகவும் வைத்தார்கள்.

இப்போது அந்த வரிசையைப் பின் எண்களோடு பொருத்திப் பார்க்கலாம். மூன்றாம் பின்னில் பச்சை வெள்ளை. ஆறாம் பின்னில் நீலம். கருவி இவை இரண்டையும் ஒரு ஜோடி என்று நம்பி சிக்னலை அனுப்புகிறது. ஆனால் கேபிளுக்குள் பச்சை வெள்ளை பச்சையோடும், நீலம் நீல வெள்ளையோடும் முறுக்கிக்கொண்டு போகின்றன. நான்காம் பின்னில் பச்சை, ஐந்தாம் பின்னில் நீல வெள்ளை. அந்த ஜோடியும் இதே கதி. ஆக, 3-6இன் சிக்னலும் 4-5இன் சிக்னலும் ஒரே முறுக்குக்குள் ஆளுக்கொரு கம்பியாக 30 மீட்டரும் ஒட்டியே பயணம் செய்கின்றன. ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கேட்கிறது. இதை ஸ்பிளிட் பேர் என்பார்கள்.

100 எம்பிபிஎஸ் இணைப்பு 1-2, 3-6 ஆகிய இரண்டு ஜோடிகளை மட்டுமே பயன்படுத்துகிறது. 4-5இல் பேச்சே இல்லாததால் இந்தப் பிழை இருந்தும் பல வீடுகளில் 100 எப்படியோ ஓடிவிடும். 1999இல் தரநிலையான கிகாபிட் முறையோ நான்கு ஜோடியிலும், இரு திசையிலும், ஒரே நேரத்தில் பேசுகிறது. அங்கேதான் குட்டு வெளிப்படும். இரண்டு மூன்று மீட்டர் நீளத்தில் கிகாபிட்டும் தப்பித்துக்கொள்ளக்கூடும். நீளம் கூடக்கூட இணைப்பு விட்டு விட்டு வரும், அல்லது கருவிகள் தாமாகவே 100க்கு இறங்கிவிடும்.

சரியான வரிசை இரண்டு. டி568பி என்ற முறையில் ஒன்று முதல் எட்டு வரை: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. டி568ஏ முறையில் ஆரஞ்சும் பச்சையும் இடம் மாறும், மற்றவை அப்படியே. மின்னியல் ரீதியில் இரண்டுக்கும் ஏற்றத்தாழ்வு கிடையாது. இந்தியாவில் பெரும்பாலும் பி முறையைத்தான் போடுகிறார்கள். புதிதாக வயரிங் செய்பவர் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வயரிங் உள்ள கட்டடமென்றால் அங்கே இருப்பதைப் பார்த்துத் தொடர வேண்டும்.

இந்த வீட்டில் கேபிளை மாற்ற வேண்டியதில்லை. இரண்டு பிளக்கையும் வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் சுவரில் பதிக்கும் கீஸ்டோன் ஜாக் வைப்பதுதான் சரியான வழி. சுவருக்குள் போகும் கேபிளின் கம்பி ஒற்றைச் செம்பு இழை. அடிக்கடி வளைத்தால் ஒடியும். அதன் முனையில் பிளக் அடித்து மேஜை மேல் தொங்கவிடுவது அதற்கு ஏற்றதல்ல. ஜாக்கில் அசையாமல் உட்கார வைத்து, அங்கிருந்து லேப்டாப்புக்குப் பல மெல்லிய இழைகளால் ஆன பேட்ச் கார்டு மாட்டினால் வளைவதெல்லாம் கார்டோடு நின்றுவிடும்.

ஜாக்கின் பின்பக்கம் பக்கத்துக்கு நான்காக எட்டு வெட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏ, பி என்று இரண்டு வரிசை நிறப் புள்ளிகள் அச்சிட்டிருப்பார்கள். இங்கேதான் பிளக் அடித்துப் பழகியவர்கள் தடுமாறுவார்கள். வெட்டுகள் நிற்கும் வரிசை பின் எண்களின் வரிசை கிடையாது. ஜோடிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வசதியாக வெட்டுகளை அமைத்து, உள்ளே உள்ள குட்டி சர்க்யூட் போர்டில் அவற்றைச் சரியான பின்னுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். அந்த அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆகவே பிளக் வரிசையை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டே போகக் கூடாது. அந்த ஜாக்கில் ஒட்டியுள்ள நிறங்களைப் பார்த்து, பி என்று முடிவு செய்தால் பி வரிசையை மட்டுமே பின்பற்ற வேண்டும்.

மேலுறையை நான்கைந்து சென்டிமீட்டர் உரித்தால் போதும். உரிக்கும் கத்தி உள்ளே கம்பியைக் கீறிவிட்டதா என்று வளைத்துப் பார்க்க வேண்டும்; கீறியிருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு மறுபடியும் உரிப்பது நல்லது. கேட் 6இல் ஜோடிகளுக்கு நடுவே பிளஸ் வடிவப் பிளாஸ்டிக் தண்டு ஒன்று ஓடும். அதை உறை முடியும் இடத்தோடு வெட்டிவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியையும் அதன் வெட்டு வரை முறுக்கோடு கொண்டுபோய், வெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் பிரித்து உட்கார வைக்க வேண்டும். பிரிக்கலாம் என்று தரநிலை அனுமதிக்கும் நீளம் 13 மில்லிமீட்டர்; ஆள்காட்டி விரலின் அகலத்தைவிடக் குறைவு. வேலை சுலபமாகட்டும் என்று இரண்டு அங்குலத்துக்கு முறுக்கைப் பிரித்து நேராக்கிவிடுவது மிகப் பரவலான தவறு. கண்ணுக்கு அழகாகத் தெரியும் ஜாக்குகளில் பல இதனாலேயே கெட்டவை.

கம்பியின் பிளாஸ்டிக்கை உரிக்கவே கூடாது. வெட்டுக்குள் கவட்டை போலப் பிளந்த உலோகத் தகடு இருக்கிறது. பஞ்ச் டூல் கம்பியை உள்ளே அழுத்தும்போது அந்தத் தகடு பிளாஸ்டிக்கைக் கிழித்துச் செம்பை இரு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. டூலின் முனையில் ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி இருக்கும். அது ஜாக்கின் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் பிடித்தால் மிச்சக் கம்பி வெட்டுப்படுவதற்குப் பதிலாக உள்ளே போகும் கம்பி அறுந்துவிடும். ஜாக்கை உறுதியான பரப்பில் வைத்து, டூலை நேராகப் பிடித்து அழுத்தினால் உள்ளே உள்ள ஸ்பிரிங் 'டக்' என்று அடிக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டு துள்ளி விழும். அதோடு அந்தக் கம்பி முடிந்தது. டூல் இல்லையென்று ஸ்குரூடிரைவரால் குத்தினால் தகட்டின் பிளவு விரிந்துவிடும். அன்றைக்கு விளக்கு எரியும். சில மாதங்கள் கழித்துத் தொடர்பு தளர்ந்து, காரணம் பிடிபடாமல் இணைப்பு அறுந்துபோகும்.

சுவர்ப் பெட்டிக்குள் ஒரு சாண் கேபிளாவது மிச்சம் விட்டுச் சுருட்டி வைத்தால், மறுபடியும் ஜாக் மாற்ற நேர்ந்தால் உதவும். சுருட்டும்போது கேபிளின் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குக் குறைவான ஆரத்தில் வளைக்கக் கூடாது. கேட் 6 கேபிளுக்கு அது இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு வரும்.

நேர் கேபிள், குறுக்குக் கேபிள் விஷயத்துக்கு வருவோம். இரு முனையும் பி, அல்லது இரு முனையும் ஏ என்றால் அது நேர் கேபிள். முதல் பின் முதல் பின்னுக்கே போகும். ஒரு முனை ஏ, மறுமுனை பி என்றால் குறுக்கு. முதல் பின் மூன்றுக்கும், இரண்டாம் பின் ஆறுக்கும் போகும்.

கம்ப்யூட்டர் 1-2இல் பேசி 3-6இல் கேட்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஸ்விட்ச் அதற்கு நேரெதிர்: 3-6இல் பேசி 1-2இல் கேட்கும். அதனால் கம்ப்யூட்டரையும் ஸ்விட்சையும் இணைக்க நேர் கேபிள் போதும். இரண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைத்தால் இரண்டும் 1-2இலேயே பேசும். 3-6இல் இரண்டும் காத்திருக்கும். ஒருவர் வாய் மற்றவர் காதுக்கு நேராக வரும்படி திருப்பிவிடத்தான் குறுக்குக் கேபிள். ஒரு காலத்தில் நெட்வொர்க் வேலைக்குப் போகிறவர்கள் பையில் குறுக்குக் கேபிள் ஒன்றைத் தனி நிறத்தில் வைத்திருப்பார்கள்.

ஹியூலட் பேக்கார்ட் நிறுவனத்தில் டேனியல் டவ், புரூஸ் மெல்வின் என்ற பொறியாளர்கள் உருவாக்கிய ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்ற வசதி அந்தத் தேவையைப் போக்கிவிட்டது. கருவியே எந்த ஜோடியில் பேச்சு வருகிறது என்று பார்த்துத் தன் வாயையும் காதையும் மாற்றிக்கொள்ளும். இன்றைய கிகாபிட் கருவிகள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் இது உண்டு. குறுக்குக் கேபிள் இன்னும் தேவைப்படுவது பழைய 10, 100 எம்பிபிஎஸ் கருவிகளிலும், தொழிற்சாலை இயந்திரங்கள் சிலவற்றிலும்தான்.

ஆனால் இந்த வசதியே ஒரு தவறை மூடியும் வைக்கிறது. சுவர் ஜாக்கை ஒருவர் ஏ முறையிலும், பேட்ச் பேனலை இன்னொருவர் பி முறையிலும் அடித்துவிட்டால், சுவருக்குள்ளேயே ஒரு குறுக்குக் கேபிள் நிரந்தரமாக உட்கார்ந்துவிடுகிறது. இன்று எல்லாம் வேலை செய்யும். சில கருவிகளில் வேகத்தை 100 என்று கையால் நிலைநிறுத்தினால் ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் அணைந்துவிடும். அன்றைக்கு அந்த ஒரு ஜாக் மட்டும் செத்துக் கிடக்கும். பேட்ச் கார்டில் இந்தப் பயம் இல்லை. சுவரில் பி முறை இருந்தாலும், இரு முனையும் ஏ முறையில் உள்ள கார்டை மாட்டலாம். கார்டு தன்னளவில் நேராக இருந்தால் போதும்.

ஜாக் அடித்து முடித்ததும் முதல் சோதனை அதே விளக்கு டெஸ்டர்தான். அதை ஒதுக்க வேண்டியதில்லை; அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்தால் போதும். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது தகடு செம்பைத் தொடவில்லை. மறுமுனையில் 3, 6, 1, 4, 5, 2, 7, 8 என்ற வரிசையில் விளக்குகள் எரிந்தால், ஒரு பக்கம் ஏ, மறுபக்கம் பி. 1உம் 2உம் மட்டும் இடம் மாறினால் ஒரே ஜோடிக்குள் கம்பிகள் தலைகீழ். ஸ்பிளிட் பேரை மட்டும் சாதாரண டெஸ்டரால் பிடிக்கவே முடியாது. அது ஒவ்வொரு கம்பியிலும் நேர்மின்சாரத்தை அனுப்பி மறுமுனைக்கு வருகிறதா என்றுதான் பார்க்கிறது. எந்தக் கம்பி எதோடு முறுக்கியிருக்கிறது என்பது நேர்மின்சாரத்துக்குத் தெரியாது.

அதைப் பிடிக்கக் கண்ணே போதும். ஏற்கெனவே பிளக் அடித்த கேபிள் என்றால், கிளிப் பின்பக்கம் இருக்க, தங்க நிறத் தகடுகள் மேலே தெரியும்படி பிளக்கைப் பிடித்தால் இடது ஓரம் முதல் பின். மூன்றிலும் ஆறிலும் ஒரே நிறத்தின் ஜோடி இருக்கிறதா, நான்கிலும் ஐந்திலும் நீலம் இருக்கிறதா என்று பார்த்தால் முடிந்தது.

அடுத்த சோதனை இணைப்பு எந்த வேகத்தில் ஒப்பந்தமாகியிருக்கிறது என்பது. லினக்ஸ் லேப்டாப்பில் கார்டின் பெயர் `eth0` என்றால்:

```
ethtool eth0 | grep Speed
```

`Speed: 1000Mb/s` என்று வர வேண்டும். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்புகளில் ஈதர்நெட் பக்கத்திலேயே இந்த எண் தெரியும். இங்கே 100 என்று வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். கருவிகள் வேகத்தைப் பேசி முடிவு செய்வது 1-2, 3-6 ஜோடிகளில் மட்டுமே. 4, 5, 7, 8இல் ஏதாவது ஒன்று அறுந்திருந்தால், கிகாபிட் என்று ஒப்புக்கொண்ட பிறகு இணைப்பு எழும்பாமல், பல கருவிகள் 100க்கு இறங்கும். அப்போது டெஸ்டரில் ஒரு விளக்கு எரியாது. ஸ்பிளிட் பேர் என்றால் எட்டும் எரியும். இரண்டையும் இப்படிப் பிரித்தறியலாம்.

வேகம் 1000 என்று வந்தபின் கேபிளுக்குச் சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். கீழே மோடத்தில் மாட்டிய ஒரு கம்ப்யூட்டரில் முதல் கட்டளை, மாடி லேப்டாப்பில் மற்ற இரண்டும். முகவரி கீழே உள்ள கம்ப்யூட்டருடையது:

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.10 -t 60
ip -s link show eth0
```

கேபிள் நன்றாக இருந்தால் இரண்டாவது கட்டளை 940 மெகாபிட் அளவில் காட்டும். மூன்றாவது கட்டளையில், வரும் தரவுக்கான வரிசையில் `errors` என்ற எண்ணைச் சோதனைக்கு முன்பும் பின்பும் ஒப்பிட வேண்டும். ஒரு நிமிடச் சுமைக்குப் பிறகும் அது ஏறாமல் நின்றால் நல்லது. ஏறிக்கொண்டே போனால் 940 வந்தாலும் ஜாக்கைத் திறந்து முறுக்கைப் பார்ப்பதுதான் முறை. கீழ்முனையில் உள்ள கம்ப்யூட்டரிலும் இதே எண்ணைப் பார்க்க வேண்டும். பிழை ஒரு திசையில் மட்டும் இருக்கக்கூடும்.

வரிசை, முறுக்கு எல்லாம் சரியாக இருந்தும் எண் ஏறினால் கேபிளின் உலோகத்தைச் சோதிக்கலாம். விலை மிகக் குறைவான கேபிள்கள் பலவற்றில் அலுமினியக் கம்பியின் மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். கத்தியால் கம்பியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகப் பளபளக்கும். அலுமினியத்துக்கு மின்தடை கூடுதல். பஞ்ச் டூலின் அடியில் எளிதில் ஒடியவும் செய்யும். இந்தக் கேபிள் நெட்வொர்க் தரநிலைக்குள் வராது. எந்த ஜாக்கை வைத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வீட்டுக்கு இந்தச் சோதனைகள் போதும். நாற்பது ஐம்பது ஜாக் வைக்கும் அலுவலகத்தில் சர்ட்டிபிகேஷன் டெஸ்டர் என்ற விலை உயர்ந்த கருவியை வாடகைக்கு எடுத்தாவது பார்ப்பது நியாயம். அது கேட் 6 கேபிளில் 250 மெகாஹெர்ட்ஸ் வரை சிக்னல் அனுப்பி, ஒரு ஜோடியிலிருந்து அடுத்த ஜோடிக்கு எவ்வளவு கசிகிறது, எவ்வளவு திரும்பி எதிரொலிக்கிறது, வழியில் எவ்வளவு தேய்கிறது என்றெல்லாம் அளக்கும். ஸ்பிளிட் பேர் அதன் திரையில் பெயரோடு வரும். ஜாக்கிலிருந்து பேட்ச் பேனல் வரை 90 மீட்டர், இரு பக்கக் கார்டுகளும் சேர்த்து 100 மீட்டர் என்ற வரம்பு தாண்டியிருந்தால் அதையும் காட்டிவிடும். வேலை கொடுப்பவர், ஒவ்வொரு ஜாக்குக்கும் இந்த அறிக்கையை ஜாக்கின் எண்ணோடு கோப்பாகத் தர வேண்டும் என்று விலை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளலாம்; சுவர் பூசி வண்ணம் அடித்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.